கேட்வே ரிப்போர்ட்டும் கடைக் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. மாதத்தின் முதல் வாரம் வந்தால் போதும், கார்டு, ஆன்லைன் பணத்தை வாங்கிக் கடைக்கு அனுப்பும் கேட்வே நிறுவனம் தரும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் வரும் கடை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டது: காலை 6 மணிக்குத் திறந்து, இரவு 1 மணிக்கு அடைக்கும் ஒரு பரோட்டாக் கடை. தொகைகளும் அப்படித்தான். அவை கேட்வே வழியாக வரும் விற்பனை மட்டும், ரொக்கம் சேரவில்லை.

ஒரே பில்லு. கடைல ஞாயிறுன்னு இருக்கு, கேட்வேல சனின்னு இருக்கு. ஒரு பில்லுக்கு எப்படிக்கா ரெண்டு தேதி?

பணம் வாங்கிய கணம் ஒன்றுதான். அதை எந்த ஊர் நாட்காட்டியில் பார்க்கிறோம் என்பதில்தான் தேதி மாறுகிறது. பல நாடுகளில் தொழில் செய்யும் கேட்வேக்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நாளைக் கணக்கிடுகின்றன. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, யுடிசியில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 8 மணி.

ஞாயிறு காலை 7.40க்கு நீங்கள் போட்ட பில், யுடிசியில் சனிக்கிழமை இரவு 23.40. அதனால் அது கேட்வேயின் சனிக்கிழமைக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இந்த 8 மணி நேர இடைவெளி வருடம் முழுக்க மாறாது. 1982 தொடக்கத்திலிருந்து சிங்கப்பூர் இதே நேரத்தில்தான் இருக்கிறது, கோடைக்கால நேர மாற்றமும் இங்கே கிடையாது.

நாங்க ராத்திரி ஒரு மணிக்குத்தான் அடைக்கிறோம். அந்த நடுராத்திரி பில்லுங்களாலதானே இவ்வளவு குழப்பமும்?

எல்லாரும் முதலில் அதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் இரவு அடைத்த பிறகு நாள் முடிப்பு, அதாவது இசட் ரிப்போர்ட், போடும் கடையில் பெரும்பாலும் குற்றவாளி காலைப் பசியாறல்தான்.

எப்படி என்று பாருங்கள். சனி இரவு தாண்டி ஞாயிறு 12.20க்கு வரும் பில்லை உங்கள் கல்லா இன்னும் சனிக்கிழமை வியாபாரமாகத்தான் வைத்திருக்கிறது, ஏனென்றால் இசட் ரிப்போர்ட் இன்னும் போடவில்லை. யுடிசியில் அது சனி மாலை 16.20, கேட்வேயும் அதைச் சனி என்றே சொல்லும். இரண்டும் ஒத்துப்போய்விட்டன. சண்டை வருவது காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் வரும் பில்களில். வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று பரோட்டா வாங்கும் நேரத்தில், அந்த வரிசையின் நடுவிலேயே கேட்வே நாளை முடிக்கிறது.

உங்கள் கணக்கு மென்பொருள் இசட் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பில்லில் இருக்கும் தேதிப்படி எடுத்துக்கொண்டால் கதை வேறு. அப்போது நள்ளிரவுக்குப் பிந்தைய பில்களும் தகராறில் சேரும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பக்கத்தில் நாள் எப்போது முடிகிறது என்பதை.

சனிக்கிழமை எங்க கணக்குல 3,473.40 வெள்ளி. கேட்வேல 3,599.00. வித்தியாசம் 125.60. அந்தத் தொகைக்கு ஒரு பில்லும் இல்லையே, எங்கன்னு தேடுறது?

தேட வேண்டாம், கிடைக்காது. 125.60 என்பது எந்தப் பில்லின் தொகையும் அல்ல. இரண்டு காலை நேரங்களின் வித்தியாசம் அது.

விற்பனையை நேரப்படி நான்கு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். சனி காலை 6 முதல் 8 வரை 412.60 வெள்ளி. சனி காலை 8 முதல் நள்ளிரவு வரை 2,874.30. நள்ளிரவிலிருந்து கடை அடைக்கும் 1 மணி வரை 186.50. மறுநாள் ஞாயிறு காலை 6 முதல் 8 வரை 538.20. கடையின் சனிக்கிழமை என்பது முதல் மூன்று துண்டுகள்: 412.60, 2,874.30, 186.50. கூட்டினால் 3,473.40. கேட்வேயின் சனிக்கிழமை சனி காலை 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 8 மணிக்கு முடிகிறது, அதாவது கடைசி மூன்று துண்டுகள்: 2,874.30, 186.50, 538.20. கூட்டினால் 3,599.00.

நடுவில் இருக்கும் இரண்டு துண்டுகளும் இரு பக்கமும் பொது. சனி காலைப் பசியாறல் கேட்வேயில் வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது. ஞாயிறு காலைப் பசியாறல் சனிக்கு வந்துவிட்டது. 538.20இல் 412.60 போனால் 125.60. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், அதனால் கேட்வே பக்கம் கூடுதலாகத் தெரிகிறது. திங்கள் காலை கூட்டம் குறைந்தால், அடுத்த நாள் ரிப்போர்ட்டில் கேட்வே பக்கம் குறைவாகத் தெரியும். இப்படி ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று ஆடுவது நேர வித்தியாசத்தின் அடையாளம்.

அப்ப மாசக் கடைசில அதுவே சரியாயிடும்ல?

ஏறக்குறைய. தினசரி வித்தியாசங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு காலைத் துண்டும் ஒரு நாள் கூட்டலாகவும் மறுநாள் கழித்தலாகவும் வருவதால், நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது இரண்டே துண்டுகள்: மாதம் முடிந்த மறுநாள் காலை 6 முதல் 8 வரை வந்ததில், மாதத்தின் முதல் நாள் காலை 6 முதல் 8 வரை வந்ததைக் கழித்தது.

ஆகவே கூட்டிக்கொண்டே வரும் வித்தியாசம் ஒரு காலை வியாபாரத்தின் அளவுக்குள்ளேயே மேலும் கீழும் போய் வர வேண்டும். எங்கள் எடுத்துக்காட்டுக் கடையில் அது சில நூறு வெள்ளியைத் தாண்டக் கூடாது. மாதம் போகப் போக அது வளர்ந்துகொண்டே போனால் நேரத்தின் மேல் பழி போடாதீர்கள். வேறு ஏதோ விடுபடுகிறது.

எங்க கேட்வே எத்தனை மணிக்கு நாளை முடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரிப்போர்ட்டின் தலைப்பில் அல்லது தேதிப் பத்தியில் `UTC` என்றோ, நேரத்தின் கடைசியில் `Z` என்றோ, `+08:00` என்றோ இருக்கிறதா பாருங்கள். `Z`யும் `UTC`யும் ஒன்றுதான். `+08:00` என்றால் எழுதியிருப்பது சிங்கப்பூர் நேரம்.

ஒன்றுமே எழுதவில்லையா? நல்ல வியாபாரம் நடந்த ஒரு நாளின் ரிப்போர்ட்டை எடுத்து, அதில் முதல் பில்லையும் கடைசிப் பில்லையும் உங்கள் கடை ரசீதோடு ஒப்பிடுங்கள். ரசீதில் முதல் பில் காலை 8.01, கடைசிப் பில் மறுநாள் காலை 7.58 என்றால் யுடிசி. நாள் மாறும் அந்த வெட்டு காலை 6 அல்லது 7 மணிக்கு விழுந்தால் மத்திய ஐரோப்பிய நேரம். பிற்பகல் 3 அல்லது 4 மணி என்றால் அமெரிக்க மேற்குக் கரை. அதிகாலை 2.30 என்றால் இந்திய நேரம். ஆனால் பரோட்டாக் கடை போன்ற இடத்தில் 1 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் பில்லே இருக்காது. வெட்டு அந்த இடைவெளிக்குள் விழுந்தால் இந்த வழியில் சரியான மணி தெரியாது. தெரியாவிட்டாலும் குடி முழுகாது, இசட் ரிப்போர்ட்டோடு அது ஒத்துப்போய்விடும்.

டேஷ்போர்டுல நேரத்தை சிங்கப்பூர்னு மாத்திட்டேன். அப்பவும் பேங்க்ல வந்த தொகை ஒத்துப்போகலையே?

திரையில் நேரத்தைக் காட்டுவது ஒன்று, பணத்தை நாள்வாரியாகக் கட்டுக் கட்டி அனுப்புவது இன்னொன்று. அமைப்பில் நீங்கள் மாற்றியது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான். இப்போது ஞாயிறு காலை 7.40 பில் திரையில் ஞாயிறு என்று சரியாகத் தெரியும். ஆனால் பேங்குக்குப் போகும் பேஅவுட்டில் அது பழையபடி யுடிசி சனிக்கிழமைக் கட்டிலேயே இருக்கும்.

சொல்லப்போனால் இது கொஞ்சம் மோசம்கூட. முன்னால் தேதியைப் பார்த்தாலே காரணம் புரியும். இப்போது தேதி எல்லாம் சரியாகத் தெரிந்துகொண்டே தொகை மட்டும் உதைக்கும். பேங்க் தொகையைச் சரிபார்க்கத் தேதியை நம்பாதீர்கள். ஒவ்வொரு பேஅவுட்டுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் கீழ் எந்தெந்தப் பில்கள் இருக்கின்றன என்ற பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய கேட்வேக்களில் அந்தப் பட்டியல் கிடைக்கும்.

எக்செல்ல எட்டு மணி நேரம் கூட்டிட்டா போதுமா?

நேரம் உண்மையிலேயே யுடிசியில் இருந்தால் போதும். இறக்கிய கோப்பில் அது `2025-03-29T23:40:12Z` போல இருந்தால், எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கும். A2இல் அது இருக்கிறது என்றால், சிங்கப்பூர் நேரத்தை B2இலும், கடையின் நாளை C2இலும் இப்படி எடுக்கலாம்:

```
B2:  =DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+8/24
C2:  =INT(B2-4/24)
```

இரண்டு கட்டங்களையும் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். B2 30 மார்ச் 2025, காலை 7.40 என்று காட்டும். C2 ஏன் 4 மணி நேரத்தைக் கழிக்கிறது என்றால், கடையின் நாள் அதிகாலை 4 மணிக்கு மாறுவதாக வைத்துக்கொள்கிறோம். அப்போது நள்ளிரவு 12.20 பில் முந்தின நாளோடு சேரும், காலை 7.40 பில் அன்றைய நாளோடு சேரும், இசட் ரிப்போர்ட்டைப் போலவே. உங்கள் கடை 3 மணிக்கு அடைத்து 5 மணிக்குத் திறந்தாலும் 4 சரியாக வரும். 24 மணி நேரக் கடை என்றால், தினமும் எந்த மணிக்கு இசட் ரிப்போர்ட் போடுகிறீர்களோ அந்த மணியைப் போடுங்கள்; அதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதும் முக்கியம்.

நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இரண்டு முறை கூட்டுவது. டேஷ்போர்டில் சிங்கப்பூர் நேரம் என்று வைத்துவிட்டு இறக்கினால், சில கோப்புகள் ஏற்கனவே சிங்கப்பூர் நேரத்தில் வரும். அதற்கு மேலும் 8 கூட்டினால் B பத்தியில் மாலை 4 மணிக்குப் பிந்தைய பில்கள் எல்லாம் மறுநாளுக்குத் தாவிவிடும். தெரிந்துகொள்வது சுலபம்: B பத்தியில் விடிகாலை 3 மணிக்கும் 4 மணிக்கும் பில் தெரிந்தால், அந்த நேரத்தில் கடை பூட்டிக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மார்ச் வரைக்கும் தினம் உதைச்சுது. ஏப்ரல்லேருந்து அதுவாவே சரியாச்சு. அக்டோபர் கடைசில மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. என்னக்கா மாயம்?

உங்கள் கேட்வே மத்திய ஐரோப்பிய நேரத்தில், அதாவது ஆம்ஸ்டர்டம், பாரிஸ் நேரத்தில், நாளை முடிக்கிறது. குளிர்காலத்தில் அவர்களின் நள்ளிரவு நமக்குக் காலை 7 மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அது காலை 6 மணியாகிவிடும். நீங்கள் கடை திறப்பதே 6 மணிக்கு. ஆக வெட்டு உங்கள் முதல் பில்லுக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது, கணக்கும் ஒத்துப்போகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று மறுபடி 7 மணிக்கு வந்துவிடும்.

அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்றால் வெட்டு குளிர்காலத்தில் மாலை 4 மணி, கோடையில் 3 மணி. அங்கே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இப்படிப்பட்ட கேட்வேக்களின் கோப்பில் இத்தனை மணி நேரம் என்று ஒரே எண்ணைக் கூட்டினால் வருடத்தில் பாதி நாள் தப்பாகும். யுடிசியில் கோப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்; கிடைத்தால் அதையே எடுங்கள்.

சனி ராத்திரி ஆர்டர், ஞாயிறு காலைல பணம் திருப்பிக் கொடுத்தோம். கேட்வேல சனிக்கிழமை விற்பனையே குறைஞ்சிருக்கே?

அதே 8 மணிதான் காரணம். 7.30க்கு நீங்கள் கொடுத்த ரீஃபண்ட், கேட்வேக்கு இன்னும் சனிக்கிழமை. அது விற்பனையையும் ரீஃபண்டையும் ஒரே நாளில் கழித்து நிகரத் தொகையைக் காட்டுகிறது. உங்கள் கணக்கில் சனியன்று விற்பனை, ஞாயிறன்று ரீஃபண்ட் என்று இரண்டு பதிவாகவே விடுங்கள். ரிப்போர்ட்டில் நிகரத் தொகையை எடுக்காமல் மொத்த விற்பனை, ரீஃபண்ட் என்ற இரண்டு பத்திகளைத் தனித்தனியே எடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

சரி, கடைசில கணக்குல எந்தத் தேதிதான் போடுறது? பேங்க்ல வந்த தொகையையே விற்பனைன்னு எழுதிடலாமா?

வேண்டாம். பேங்கில் வருவது கட்டணம் கழித்த தொகை, நாளும் உங்கள் நாள் அல்ல. நடுவில் ஒரு கணக்கு வையுங்கள். "கேட்வேயிடம் நிற்கும் பணம்" என்று பெயர் வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

சனிக்கிழமை இசட் ரிப்போர்ட்டைப் பார்த்து விற்பனை 3,473.40 என்று எழுதி, அந்தத் தொகையை இந்த நடுக் கணக்கில் பற்று வையுங்கள். சில நாள் கழித்து கேட்வேயின் சனிக்கிழமைக் கட்டுக்கு பேங்கில் 3,482.15 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேங்கில் 3,482.15, கட்டணச் செலவில் 116.85, இரண்டும் பற்று. நடுக் கணக்கில் 3,599.00 வரவு. சனிக்கிழமையோடு அதைப் பொருத்திப் பார்க்கவே வேண்டாம். நடுக் கணக்கு நாள்தோறும் ஏறும், பேஅவுட் வரும்போது இறங்கும்.

மாதக் கடைசியில் மட்டும் ஒரு வேலை. மாதம் முடியும்வரை போட்ட பில்களில் எவற்றுக்கு இன்னும் பேஅவுட் வரவில்லை என்று கேட்வே பட்டியலிலிருந்து எடுத்து, கட்டணம் கழிக்காத தொகையில் கூட்டுங்கள். எடுக்கும்போது மேலே சொன்ன C பத்தியைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை நடுக் கணக்கின் பாக்கியோடு காசு பிசகாமல் நிற்க வேண்டும். நின்றால் தினசரி வித்தியாசங்களைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

மார்ச் 31 ராத்திரி 12.20 பில்லு. கேட்வேல மார்ச், இசட் ரிப்போர்ட்லயும் மார்ச். ஜிஎஸ்டி எந்தக் காலாண்டுக்கு?

ரசீதைப் பாருங்கள். அதில் ஏப்ரல் 1 என்று அச்சாகியிருக்கும். பொருள் சேவை வரியில் பொதுவாக, விலைப்பட்டியல் கொடுத்த நாள் அல்லது பணம் வாங்கிய நாள், இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு. இங்கே இரண்டும் சிங்கப்பூரில் ஏப்ரல் 1. காலாண்டு மார்ச்சில் முடியும் கடைக்கு இது அடுத்த காலாண்டு. கேட்வேயின் மூன்று மாத மொத்தத்தை அப்படியே படிவத்தில் போட்டால், ஏப்ரல் 1 காலை 8 மணி வரை வந்த பசியாறல் பில்களும் உள்ளே நுழைந்துவிடும், ஜனவரி 1 காலைப் பில்கள் வெளியே போய்விடும்.

நான் கடைக்காரர்களிடம் சொல்வது இதுதான்: காலாண்டின் கடைசி இரவு மட்டும் சரியாக 12 மணிக்கு ஒரு இசட் ரிப்போர்ட், அடைக்கும்போது இன்னொன்று. அந்த மாதக் கடைசியில் நடுக் கணக்கைச் சரிபார்க்கும்போது மட்டும் C பத்திக்குப் பதிலாக B பத்தியின் தேதியைப் பாருங்கள். வரி விகிதம் மாறும் இரவில் இதை விடவே கூடாது. 2024 ஜனவரி 1 அன்று 8 விழுக்காடு 9 ஆனபோது, நள்ளிரவு தாண்டிய பில்களுக்குக் கேட்வே ரிப்போர்ட்டில் 2023 டிசம்பர் 31 என்றே தேதி இருந்திருக்கும். அதை வைத்து விகிதம் போட்டால் வரி குறைந்துவிடும்.

கேட்வேகாரங்ககிட்டயே சொல்லி நேரத்தை மாத்த முடியாதா?

சிலர் மாற்றித் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். திரை நேரத்தை அல்ல, பேஅவுட் நாள் முடியும் நேரத்தை என்று தெளிவாகக் கேளுங்கள். மாறும் நாள் மட்டும் 24 மணி நேரமாக இருக்காது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருக்கும் கார்டுக் கருவியில் நீங்களே செட்டில்மென்ட் போடுவதாக இருந்தால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. இசட் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் போட்டால் போதும்.

நேரத்தையெல்லாம் சரி பண்ணியாச்சு. இன்னும் 38.90 வெள்ளி நிக்குதே?

அந்த 38.90 எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் வந்து மறுநாள் எதிர்ப்பக்கம் போனால் இன்னும் எங்கோ நேரம் சரியாகவில்லை. ஒரு நாள் தோன்றி அதற்குப் பிறகு அசையாமல் அதே தொகையாக நின்றால், அது நிஜமான பில். 125.60க்கு மாறாக இதைத் தேடினால் கிடைக்கும். அது முதலில் தோன்றிய நாளின் பில்களை அடையாள எண்படி இரு பக்கமும் வரிசைப்படுத்தி, ஒரு பக்கம் மட்டும் இருப்பதை எடுங்கள்.

கடைப் பக்கம் மட்டும் இருந்தால், கல்லாவில் கார்டு என்று அழுத்திவிட்டு வாடிக்கையாளர் பேநவ் வழியாக நேரே பேங்குக்கு அனுப்பியிருக்கலாம். பேங்க் பட்டியலில் அதே நேரத்தில் 38.90 வந்திருக்கும். இல்லையென்றால் அனுமதி மட்டும் வாங்கிப் பணம் எடுக்காமல் விட்ட ஆன்லைன் ஆர்டராக இருக்கும். கேட்வேயில் அது வேறு நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும், விட்டுவிட்டால் அனுமதி காலாவதியாகிப் பணமே வராது. கேட்வே பக்கம் மட்டும் இருந்தால் அதே தொகை, அதே கார்டின் கடைசி நான்கு எண்கள், சில நிமிட இடைவெளி என்று இன்னொரு பில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு முறை எடுத்துவிட்டீர்கள், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.